பதினோரு வெள்ளை நாய்களும் ஒரு குற்றாலச் சீசனும்

ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பதில் எவருக்கும் சிரமமில்லை. குற்றாலத்துக்குப் போவதில்தான் சிரமம். நாயை யாரிடம் விட்டுப் போவது? 1994 சீசனில் இதற்கு விடை கண்டவன், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் நண்பன் தனுஷ்கோடி. மூடிக் கிடந்த பஞ்சு கோடவுனைத் தடுத்துப் பதினோரு அறையாக்கினான். 'நாய்கள் தங்குமிடம்' என்று போர்டும் வைத்தான். தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாய் வாசலைத் தாண்ட முடியாது. மனிதர்களை அவன் அவ்வளவு கண்டிப்பாகக் கேட்பதில்லை.

அவன் மனைவி இருளம்மாளுக்கு இதில் நம்பிக்கையில்லை. "இந்த மாசம் ஒரு புகார் வந்தாலும் மில் வாச்மேன் வேலைக்குப் போயிரணும்" என்று சொல்லி, விசிலும் கம்பும் வாங்கி ஆணியில் மாட்டியிருந்தாள். தனுஷ்கோடி சாப்பிடும்போதெல்லாம் அந்த விசில் கண்ணெதிரே தொங்கும்.

முதல் வாரமே இடம் நிரம்பியது. பதினொன்றும் எங்கள் ஊர் ஜாதி. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. ஒன்றைப் பார்த்தால் பதினொன்றையும் பார்த்தது போலத்தான். அடையாளத்துக்கு அதனதன் கழுத்துப் பட்டையில் பித்தளை நம்பர்.

ஞாயிற்றுக்கிழமை உண்ணி மருந்து போட்டுக் குளியல். ஈரத் தோல்பட்டை கழுத்தைப் புண்ணாக்கும் என்று தனுஷ்கோடி பதினோரு பட்டைகளையும் கழற்றிக் கொடியில் காயப் போட்டான். ராணுவ முறைப்படி எல்லா நாயையும் ஒரே வரிசையில் நிறுத்திக் குளிப்பாட்டினோம். துடைத்து அறையில் விட்ட பிறகுதான் எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏலே, எது எவம் பட்டைடா?" என்றேன்.

அவன் கொடியைப் பார்த்தான். நான் நாய்களைப் பார்த்தேன். நாய்கள் எங்களைப் பார்த்தன. அந்த வெளுப்பில் எனக்கு இரண்டு நாள் கண் கூசியது.

"சொந்தக்காரன் வந்தா நாயே அவங்கிட்ட ஓடிப்போயிரும். எதுக்குப் பயப்படுதே?" என்றான் தனுஷ்கோடி.

அந்நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை ஐயாதுரை அண்ணாச்சியின் கார் வந்தது. அருவியில் தண்ணீர் குறைவாம், ஆள் அதிகமாம், ஒரு நாள் முன்பே திரும்பிவிட்டார். மனைவி வேலுத்தாய் காரிலேயே இருந்தார்.

"எங்க என் தளபதி? நாலு வருசமா என் குரலுக்குக் கட்டுப்பட்ட நாயிடா. பாத்துக்கிடு!" என்றவர், வாசலில் நின்றே, "ஏய் தளபதீ!" என்று ஒரு சத்தம் போட்டார். அது ஊரோரத்துச் சஞ்சீவி மலையில் மோதித் திரும்பியது.

பத்து நாய் எழுந்து அவரைப் பார்த்துக் குரைத்தன. ஒன்று மட்டும் மூலையில் சுருண்டு உறங்கியது.

"தூங்குறது உங்க நாயா இருக்காது அண்ணாச்சி. மிச்சத்துல பாப்போம்" என்று தனுஷ்கோடி அதை நீக்கிவிட்டான். பத்தையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். பத்தும் உறுமின. அண்ணாச்சி பால்கோவா டப்பாவை நீட்டிப் பார்த்தார். பத்தும் வாலாட்டி, டப்பா காலியானதும் மறுபடி உறுமின.

"என் நாயைத் தொலைச்சிட்டியா? தேரடித் தெருவுல ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லுதேன். நாளைக்கு ஒரு பய உன் பக்கம் வரமாட்டான்!"

தனுஷ்கோடியின் காதில் அப்போதே விசில் ஊதியிருக்க வேண்டும். முகம் அப்படி வெளிறியது.

வேலுத்தாய் மெதுவாகக் காரிலிருந்து இறங்கினார். நேரே மூலைக்குப் போய், உறங்கிய நாயின் மூக்கு முன்னால் கையை நீட்டினார். நாய் துள்ளி எழுந்து, அவர் மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது. பின்னால் நின்ற அண்ணாச்சியைக் கண்டதும் அவர் வேட்டியிலும் மண்ணை அப்பியது.

"இதுதான் தளபதியா? நான் கூப்பிட்டப்ப ஏன் வரல?"

"அதுக்குப் பிறவியிலயே காது கேக்காது. நீங்க கத்துறப்பல்லாம் பின்னாடி நின்னு கைசாடை காட்டுறது நான்."

"நாலு வருசமாவா?"

"நீங்க சந்தோசமா இருந்தீய, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அண்ணாச்சியின் கோபமெல்லாம் குட்டி விற்றவன் மேல் திரும்பியது. "செவிட்டுக் குட்டியை என் தலையில கட்டிட்டானே! வாங்கும்போதே யாராவது பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

தனுஷ்கோடிக்குப் போன உயிர் திரும்பியது, ஒரு யோசனையையும் கூட்டிக்கொண்டு. வெள்ளைக் குட்டிகளில் செவிடு பிறப்பது எங்கள் ஊரில் சகஜம். விற்பவன் சொல்லமாட்டான், வாங்குபவனுக்குத் தெரியாது. குட்டிக்குப் பின்னால், அதன் கண்ணில் படாமல் நின்று, தரை அதிராமல் கையிலேயே தட்டைப் பிடித்துக் கரண்டியால் தட்ட வேண்டும். காதோ தலையோ திரும்பினால் சரி. கூடப் பிறந்த குட்டிகளோடு வைத்துப் பார்த்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று திரும்பிவிடும். அதனால் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மறுவாரம் போர்டில் ஒரு வரி கூடியது: 'குட்டிகளுக்குக் காது பார்க்கப்படும்'. இருளம்மாள் விசிலை ஆணியிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தாள். வேலைக்குப் போகச் சொல்லி அல்ல, குட்டிகளுக்குப் பின்னால் நின்று ஊத. கம்பை மட்டும் ஆணியிலேயே வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் வரிசையில் பக்கத்து ஊர் சோழபுரம் வரைக்கும் கூடையும் குட்டியுமாக ஆட்கள் நின்றார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம். ஆனால் வேலுத்தாய் வந்தது நிஜம். கூடையில்லாமல், அண்ணாச்சியையும் தளபதியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"குட்டி எங்க, தாயி?" என்றான் தனுஷ்கோடி.

"குட்டி இல்ல. இவியளுக்குப் பின்னாடி நின்னு கொஞ்சம் தட்டிப் பாருங்க. வீட்டுல நான் சொல்லுத எதுக்கும் திரும்ப மாட்டேங்காவ."

கரண்டியால் தட்டைத் தட்டினோம். அண்ணாச்சி திரும்பவில்லை. தளபதி மட்டும் எங்களைப் பார்த்து வாலாட்டியது.