பக்கத்து அலைவரிசையில் ஒரு மூச்சு

கோபுரம் மூச்சு விடுகிறது என்று முதலில் சொன்னவர் ஜெனரேட்டர். அது அவருடைய பட்டப்பெயர். மலை உச்சியில் நிற்கும் கைபேசிக் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அவர். பேச ஆரம்பித்தால் டீசல் தீரும்வரை நிற்கமாட்டார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் சொல்வதில் பாதியை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது அவளுக்குப் பழக்கம். இதையும் அப்படியே விட்டாள்.

அவள் அந்தக் கோபுரத்தின் ஒலிபரப்புக் கருவிகளுக்குப் பொறுப்பான பொறியாளர். தம்பி அவளுக்கு வைத்த பெயர் அளவுக்காரி. காப்பிக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியின் மேட்டைத் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்தத் தம்பி வேலை பார்த்தது அதே கட்டடத்தில்தான். ஒரு பாதி கருவி அறை, மறு பாதி மலை மீட்புக் குழுவின் அறை, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பித் தடுப்பு, கயிறு சுற்றும் உருளை, அதற்கப்பால் பள்ளத்தாக்கு. கீழே வளைவுச் சாலையில் மாதத்துக்கு ஒரு வண்டியாவது கவிழும். மீட்புக் குழுவின் ரேடியோவும் இதே கோபுரத்தில்தான் தன் காதை, அதாவது குரலை வாங்கும் ஆன்டெனாவை, வைத்திருந்தது, கைபேசி அலைவரிசைக்குப் பக்கத்து அலைவரிசையில்.

அந்தப் பக்கத்து அலைவரிசையில்தான் மூச்சு கேட்டது. மீட்பு அறையின் ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். தூங்குகிற யாரோ சுவருக்குள் படுத்திருப்பதைப் போல இருக்கும். சாதாரண நாளில் வந்து காது கொடுத்தால் ஒன்றும் இருக்காது. எங்காவது விபத்து என்று ஆள் இறங்கினால் மட்டும் வரும்.

"சாவு வாசனை பட்டா இந்தக் கோபுரம் முழிச்சுக்குது மேடம்" என்றார் ஜெனரேட்டர்.

"உங்க வாய்க்கு ஒரு சுவிட்ச் வைக்கணும்" என்றாள் அவள்.

போன மாதம்தான் மீட்புக் குழுவின் பல்லி இறந்தான். பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறுவான், அதனால் பல்லி. பனியில் கயிற்றில் இறங்கினான். மேலேயிருந்து குழுத் தலைவர் ரேடியோவில் மூன்று முறை கூப்பிட்டார், பதில் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. மூன்று முறைக்குப் பதில் வராவிட்டால் ஆள் மயங்கிவிட்டான் என்று வைத்து இழுத்துவிட வேண்டும், அதுதான் குழுவின் விதி. இழுத்தார்கள். பாறை விளிம்பில் மாட்டியிருந்த கயிறு அறுந்தது.

மறுநாள் தலைவர் கருவி அறைக்கு வந்து, "உங்க பக்கத்துல ஏதாவது கோளாறு இருக்குமாம்மா?" என்று கேட்டார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் தங்கள் அலைவரிசை மேசையைப் போலத் தட்டையாக நின்றது, இரு பக்கமும் கத்தியால் வெட்டியதுபோல் சரேலென்று இறங்கியது. "பக்கத்துல ஒரு துளிகூடச் சிந்தலை சார்" என்றாள். மனிதர் நம்பினார். பல்லியின் இடத்துக்கு அவள் தம்பி வந்தான்.

அந்தத் திரையை அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஒலிபரப்பை வலுவாக்கி வானலைக்கு அனுப்பும் பெருக்கிகள் முன்பு இரண்டு இருந்தன. ஆளுக்குப் பாதிச் சுமை, அலுங்காமல் வேலை செய்யும், ஆனால் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததும் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைத் தன் எல்லைக்கு அருகில் ஓடவைத்தாள். எல்லைக்கு அருகில்தான் பெருக்கி சிக்கனமாக உழைக்கும். ஆனால் அங்கே அது பொய்யும் சொல்லும். சிறிய அலையைச் சரியாகப் பெருக்கும், பெரிய அலையின் உச்சியை அமுக்கிவிடும். உச்சி அமுங்கினால் அந்தக் கோணல் பக்கத்து அலைவரிசையில் இரைச்சலாக வழியும்.

இதற்கு மருந்து, முன்கூட்டியே எதிர்த்திசையில் கோணலாக்கி அனுப்புவது. துணி நனைந்தால் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்த தையல்காரர் அந்த அளவு கூடுதலாக விட்டு வெட்டுவதில்லையா, அதேதான். பெருக்கி எவ்வளவு அமுக்குமோ அவ்வளவு உச்சியை உயர்த்தி உள்ளே அனுப்பினால், வெளியே நேராக வரும். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைக் கருவி தானே கற்றுக்கொள்ளும். பெருக்கியின் வாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கவனிக்கும் ரிசீவர் ஒன்றுக்குக் கொடுத்து, அனுப்ப நினைத்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசம் மறையும்வரை தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். பெருக்கிக்குள் போகும் கோணல் அலையின் படத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது. முள்ளும் மேடுமாக, இரு பக்கமும் பரந்து, விகாரமாக இருக்கும். அத்தனை அசிங்கம் உள்ளே போய் இத்தனை சுத்தமாக வெளியே வருவது சில சமயம் அவளுக்கே உறுத்தும்.

தம்பி விடவில்லை. "உன் திரையைப் பார்த்தது போதும் அக்கா. ஒரு தடவை எங்க அறையில வந்து உட்கார்ந்து கேளு" என்று நச்சரித்தான். அவன் வாயை அடைக்கவே அன்று காலை, வானலையை நேரடியாகப் பிடித்துப் படமாகக் காட்டும் சின்னக் கை அலைமானியை எடுத்துக்கொண்டு மீட்பு அறைக்குப் போனாள்.

போன நேரம் அப்படி. கீழே ஒரு வேன் தடுப்பை உடைத்துக்கொண்டு தொங்குவதாகத் தகவல் வந்தது. பனி ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தது, உருளைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தம்பி இடுப்பில் கயிற்றைப் பூட்டிக்கொண்டு, "அளவுக்காரி, சர்க்கரையைக் கொட்டிடாதே" என்று கண்ணடித்துவிட்டு அந்த வெள்ளைக்குள் இறங்கினான்.

ஒவ்வொரு விபத்தின்போதும் போலச் சாலையில் வண்டிகள் தேங்கின. சனங்கள் இறங்கி நின்றார்கள். எல்லோர் கையிலும் கைபேசி. ஒருவர் வீட்டுக்குச் சொல்கிறார், ஒருவர் படம் அனுப்புகிறார், எல்லாமே இந்த ஒரு கோபுரத்தின் தலையில். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அது தொடங்கியது. மெதுவாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அலைமானியின் சின்ன ஆன்டெனாவை அவள் ஜன்னலோரம் நீட்டினாள். நடுவில் அவளுடைய மேசை நின்றது. ஆனால் இரு பக்கமும் வெட்டு இல்லை. மேசைக்கு இரண்டு தோள்கள் முளைத்திருந்தன. ஒலிபெருக்கி மூச்சை இழுத்தபோது தோள்கள் உயர்ந்தன, விட்டபோது தாழ்ந்தன.

கருவி அறைக்கு ஓடினாள். பெரிய திரை எப்போதும்போல இருந்தது, பக்கங்கள் இரண்டும் கத்தியால் வெட்டிய சுத்தம். கையில் இருப்பதும் எதிரே இருப்பதும் ஒரே அலை, ஆனால் இரண்டு முகம்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார் ஜெனரேட்டர்.

அவள் அலைமானியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரிய திரைக்கு எங்கிருந்து பார்வை வருகிறது? கவனிக்கும் ரிசீவரிலிருந்து. அந்த ரிசீவருக்கு எங்கிருந்து வருகிறது? பெருக்கியின் வாயிலிருந்து எடுக்கும் சொட்டிலிருந்து, நடுவே வலுவைக் குறைக்கும் ஒரு விரல் நீளப் பித்தளைத் துண்டு வழியாக. அதன்மேல் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். பாதிச் சுமைக்காலத்தில் மாட்டியது. பெருக்கியின் சுமையை இரட்டிப்பாக்கினாள், இதை மட்டும் மாற்றவில்லை. திரை சுத்தமாக இருந்ததால் மாற்றத் தோன்றவில்லை.

அதாவது, நெரிசல் நேரத்தில் சொட்டே வெள்ளமாக வந்து ரிசீவரையே அமுக்கிக்கொண்டிருக்கிறது. அளவு நாடா இழுபட்டு நீண்டுபோனால் துணி குறைவாகத்தான் தெரியும். தையல்காரர் இன்னும் இன்னும் கூட்டி வெட்டுவார். ரிசீவர் செய்த கோணலைப் பெருக்கியின் கோணல் என்று நினைத்து, கருவி அதற்கும் சேர்த்து உச்சியை உயர்த்தியிருக்கிறது. ரிசீவரின் கண்ணுக்கு எது அழகோ அதைக் கற்றுக்கொண்டு, வெளியே உலகத்துக்கு வேறொன்றைக் கக்கியிருக்கிறது. பொறுமையாக, தவறே இல்லாமல், ஒவ்வொரு நெரிசலிலும்.

சுவருக்கு அந்தப்பக்கம் தலைவரின் குரல் கேட்டது. கயிற்றில் இறங்கியிருப்பவனை ரேடியோவில் கயிறு என்றுதான் கூப்பிடுவார்கள். "கயிறு, பதில் சொல்லு."

மூச்சுதான் வந்தது.

"சார், இழுக்காதீங்க! அவன் பேசிட்டிருக்கான், நாமதான் கேக்கவிடாம பண்றோம்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"ரெண்டாவது தடவை கூப்பிட்டாச்சும்மா. மயங்கிக் கிடந்தா என்ன பண்றது? தாமதமானா ஆளே போயிடுவான்." அதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

அவள் விசைப்பலகையை இழுத்தாள். ஜெனரேட்டர் கையைப் பிடித்தார். "மேடம், மேலிடத்துல கேக்காம பவரைக் குறைச்சா நம்ம தலை உருளும். கீழ நூறு பேர் போன் கட்டாகும்."

"உருளட்டும், விடுங்க."

ஒரு படி இறக்கினாள். கையிலிருந்த அலைமானியில் மேசை ஒரு படி இறங்கியது, தோள்களோ மூன்று படி சரிந்தன. வெளியிலிருந்து வந்த இரைச்சலானால் அசைந்தே இருக்காது. சந்தேகமே இல்லை, இது கோணல் போட்ட குட்டிதான். இன்னும் இறக்கினாள், இன்னும். தோள்கள் தரைக்குள் போய்விட்டன.

"கயிறு, கடைசியா கூப்பிடுறேன், பதில் சொல்லு" என்றார் தலைவர்.

ஒலிபெருக்கி ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு தம்பியின் குரல் கிழிந்துகொண்டு வந்தது. "இழுக்காதீங்க! விளிம்புல கயிறு நார் நாரா வந்துட்டிருக்கு! இழுக்காதீங்க, ரெண்டாவது கயிறு போடுங்க!"

இரண்டாவது கயிறு போனது. வேனிலிருந்த இருவரும் வந்தார்கள், கடைசியாகத் தம்பியும் வந்தான், முழங்கையில் ரத்தமும் பல்லைக் காட்டிய சிரிப்புமாக. அவள் அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இருபது வயதுக்குப் பிறகு யார் முன்னாலும் அவள் அழுததில்லை.

தலைவர் மட்டும் கருவி அறையில் பெரிய திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பவரைக் குறைத்ததற்கு முந்தைய படமும் பிந்தைய படமும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உயரம்தான் வேறு, பக்கங்கள் இரண்டிலும் அதே சுத்தம். தம்பி குரல் மூழ்கியபோதும் திரை இப்படியே சிரித்திருக்கிறது.

"போன மாசம் எனக்குக் காட்டினீங்களே, அதுவும் இதுதானாம்மா?"

பொய் சொல்ல வழி இருந்தது. அவருக்கு அலைவரிசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. "ஆமா சார். இதேதான். அன்னைக்கும் நாங்கதான்" என்றாள்.

தம்பி முழங்கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். என்ன பேச்சு என்று அவனுக்குத் தெரியாது. "நல்ல வேலை பண்ணீங்க சார். நீங்க கூப்பிட்டது மூணு தடவையும் எனக்குத் தெளிவா கேட்டுச்சு. தொண்டை கிழியப் பதில் சொன்னேன், நீங்க பாட்டுக்குக் கூப்பிட்டுட்டே இருந்தீங்க."

தலைவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அப்போ பல்லிக்கும் கேட்டிருக்கும்" என்றார்.