முப்பது நாளில் லைசென்ஸ்

பஷீர் பாயின் நோட்டீஸைப் படித்துவிட்டு ராயபுரத்தில் பாதி ஜனம் டிரைவராகப் போகிறோம் என்று கனவு கண்டது. அப்படி எழுதியிருந்தார் மனுஷன். கல்மண்டபம் பக்கம் ஒற்றை ஆஸ்டின் காரை வைத்துக்கொண்டு அவர் நடத்திய மோட்டார் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் மூலதனம்.

இரண்டாம் தடவை அச்சடிக்கக் கொடுத்தபோது, பிரஸ் பக்தவச்சலம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"புதிதாகக் கற்போருக்கு முப்பது நாள் பயிற்சி. தினம் அரை மணி. காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நாலு முதல் ஆறு, வசதியான நேரம். முதல் வாரம் ஸ்டீரிங், கிளட்ச், பிரேக். இரண்டாம் வாரம் கியர். மூன்றாம் வாரம் ரிவர்ஸும் மேட்டில் நிறுத்தி எடுப்பதும். நாலாம் வாரம் கை சிக்னலும் டெஸ்ட் பழக்கமும். எல் போர்டு லைசென்ஸுக்கு மனு நாங்களே எழுதித் தருவோம். டெஸ்டுக்கு எங்கள் காரே வரும். கட்டணம் ரூபாய் நாற்பத்தைந்து, இரண்டு தவணை. முப்பது நாளில் லைசென்ஸ் கையில்." படித்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "அடியில இடம் கீது பாய். இதுவரைக்கும் ஒருத்தரும் பெயிலாகலன்னு ஒரு வரி போட்டுடவா? நெஜந்தானே?"

நிஜம்தான். ஒருத்தன்கூடப் பெயிலாகவில்லை. ஆனாலும் பஷீருக்குத் திருடனைத் தேள் கொட்டினாற்போல இருந்தது. போடாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பார் அந்த மனுஷர், நோண்டி நோண்டிக் கேட்கிற ஜாதி. "போடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வேம்புவின் ஞாபகம்தான். ஹார்பரில் நிலக்கரி வாரிக்கொண்டிருந்த பையன். கிளட்சில் கால் வைத்த மூன்றாம் நாளே வண்டி அவனுக்கு அடங்கிவிட்டது. அப்படி ஒரு கை. காசிமேட்டு மணலில் சக்கரம் புதைந்தால்கூட அலுங்காமல் எடுத்துவிடுவான். நாலாம் வாரம் டெஸ்ட் பழக்கத்தில், காரை இருபத்தைந்து கஜம் தள்ளி நிறுத்தி நம்பரைப் படிக்கச் சொன்னார் பஷீர். அது சட்டம். பட்டப்பகலில் அவ்வளவு தூரத்தில் நம்பர் பலகையைப் படிக்க முடியாதவனுக்கு லைசென்ஸ் கிடையாது.

வேம்பு கண்ணை இடுக்கினான். அப்புறம் சிரித்தான். "கருப்பா ஒரு பலகை தெரியுது வாத்தியாரே. எழுத்துத்தான் ஒண்ணுமே தெரியல."

கண்ணாடி போட்டுக்கொண்டு டெஸ்ட் கொடுக்கலாம். அதுவும் சட்டம்தான், பஷீருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணாஸ்பத்திரியில் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, கண்ணாடி வருவதற்குள் ஒரு மாசம் ஓடிவிடும். டெஸ்ட் தேதியோ அடுத்த செவ்வாய். முப்பது நாள் என்று ஊர் முழுக்கக் காகிதம் பறந்துகொண்டிருக்கிறது. முதல் பேட்சிலேயே ஒருத்தன் தவறினால் யார் வருவார்கள்?

"டெஸ்ட் எடுக்கற இன்ஸ்பெக்டர் எப்பவும் நம்ம காரையேதான் காட்டுவார். நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோ" என்றார் பஷீர்.

அவ்வளவுதான் நடந்தது. எம்.எஸ்.ஸி. நாலு ஒண்ணு ஏழு ரெண்டு என்று வேம்பு டெஸ்ட் மைதானத்தில் கணீரென்று சொன்னான். சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கு டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். எழுதிக் கொடுத்த புண்ணியவான் நாக்கை மட்டும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். தண்டையார்பேட்டை சோடா கம்பெனி வேனில் வேம்புவுக்கு வேலை கிடைத்தது. இதெல்லாம் பத்து மாசத்துக்கு முந்தின கதை. மறந்துவிட்டதாகத்தான் பஷீர் நினைத்துக்கொண்டிருந்தார். குற்றமுள்ள நெஞ்சு மறக்குமா?

புது நோட்டீஸ் வெளியான வாரமே அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்து நின்றான்.

"நான் மாரியப்பன். வேம்புவோட மச்சான். சோடா வேன்ல பெட்டி ஏத்தி எறக்கறவன்" என்றான். "எனக்கும் வண்டி கத்துக் குடுக்கணும் பாய்."

பஷீர் நிமிர்ந்து பார்த்தார். இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. வலது கண்ணிலும் லேசாகப் படர்ந்திருந்தது.

"கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"கண்ணப்பத்தி இன்னா பாய், நீங்கதான் நம்பர் பாடம் சொல்லித் தர்றீங்களே." நோட்டீஸின் கடைசி வரியைத் தட்டிக் காட்டினான். "ஒருத்தரும் பெயிலாகலன்னு போட்டுக்கீறீங்க. அதெப்படின்னு எங்காளுங்களுக்குத் தெரியாதா? வேம்பு சொல்லிகீறாரு. இன்னும் நாலு பேரு வர்றாங்க."

"வேம்பு எப்படி ஓட்டறான்?" என்று மட்டும் பஷீர் கேட்டார்.

"ஷோக்கா ஓட்டுவாரு. நான் பக்கத்துல குந்திகினு சொல்லிகினே வருவேன். மாமா, கொருக்குப்பேட்டை ரயில் கேட்டு மூடிகீது. மாமா, குறுக்கால கைவண்டி வருது. கப்புனு நிறுத்திடுவாரு." அதில் அவனுக்கு ஒரு பெருமை. "சாயங்காலம் வெளிச்சம் மங்கிச்சின்னாதான் எனக்கும் கொஞ்சம் பேஜாரு."

அல்லா. இந்தக் கண்ணை நம்பியா அந்த வண்டி பத்து மாசமாகத் திருவொற்றியூர் ஹைரோடில் ஓடியது? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், மில்லிலிருந்து கும்பலாக வரும் பெண்கள், எத்தனை பேர் நடக்கிற ரோடு! இவர் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்த புண்ணியம். பெட்டி ஏற்றுகிற நேரம் ஆகிவிட்டது என்று மாரியப்பன் சைக்கிளை எடுத்தான். பஷீர் அவன் பின்னாலேயே காரைக் கிளப்பினார்.

சோடா கம்பெனி வாசலில் வேம்பு வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். கார் சத்தம் கேட்டதுமே முகம் மலர்ந்தது. பத்தடிக்குள் வந்த பிறகுதான் "வா வாத்தியாரே" என்றான். அதையும் பஷீர் கவனித்தார்.

"வேம்பு, இன்னிக்கு இந்த வண்டிய எடுக்காதே. நான் மொதலாளிகிட்ட பேசிக்கறேன். கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம், கண்ணாடி போட்டுக்கலாம்."

வேம்பு துணியைப் பிழிந்தான். "கண்ணாடி போட்டா லைசென்ஸ் போயிடாதா?"

"போகாது. கண்ணாடியோட டெஸ்ட் குடுக்கலாம். நம்பரப் படிச்சாப் போதும்."

"இது புதுச் சட்டமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஒரே வார்த்தை. சொன்னால் கேள்வி இல்லை, கணக்குத் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்த அந்த வார்த்தையைப் பஷீர் விழுங்கினார்.

"இல்லப்பா. பழைய சட்டம்தான்."

"அப்போ அன்னிக்கே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

வேம்பு துணியை வேன் கைப்பிடியில் காயப்போட்டான்.

"தெரிஞ்சும் ஏன் பாய் சொல்லல?" வாத்தியார் என்ற பேச்சே இப்போது வரவில்லை.

"முப்பது நாள்னு போட்டிருந்தேன்."

"நான் ஒரு மாசம் காத்துகினு இருந்திருப்பேனே. ஹார்பர் வேல இருந்துதே கையில." குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பஷீரைக் கொன்றது. "என் கண்ணுக்கு லைசென்சே கெடையாதுன்னு நெனச்சேன். பத்து மாசமா தெனம் காலைல, இன்னிக்கி எவனைக் கொல்லப் போறோமோன்னு நெனச்சிகினுதான் சாவியத் திருப்பறேன். வூட்ல பொஞ்சாதி கெங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

மன்னிப்பு என்ற வார்த்தை பஷீருக்கே அற்பமாகப் பட்டது.

வேம்பு மாரியப்பனைக் கூப்பிட்டு, "பெட்டி ஏத்தாதே, இன்னிக்கி வண்டி போவாது" என்றான். சாவியை அவனிடமே கொடுத்தான். கார் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். முப்பது நாளும் பஷீரின் பக்கத்தில் உட்கார்ந்தவன், முன்கதவைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, "போ" என்றான்.