எட்டு டெசிபெல்

பினாங்கு ரோட்டில் இருந்த அந்தப் பாட்டுக்கடையின் வாசலில் நின்றபோது, யாரோ வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள் என்றுதான் கனகேஸ்வரி நினைத்தாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவர்களுடைய சொந்த சி.டி. வெளியாகி இரண்டே நாள். மூன்றாவது பாட்டு, மழையைப் பற்றியது. தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் மெல்லத் தொடங்கி, கடைசிச் சரணத்தில் தவிலும் வயலினும் சேர்ந்து கொட்டும். அந்தத் தொடக்கத்துக்காக மட்டும் ஒரு வாரம் உழைத்திருந்தாள்.

இப்போதோ முதல் வரியே முகத்துக்கு நேரே நின்று பேசுவதுபோல் வந்தது. அவள் கடைசிச் சரணத்துக்காகக் காத்திருந்தாள். தவில் வந்தது. வந்தது என்று சொல்லத்தான் முடியும், விழவில்லை. அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கடையின் ஒலிபெருக்கிதான் சரியில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு சி.டி.யை வாங்கினாள். காரை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்குக்குப் போனாள்.

அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் அவர்களுடைய ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. அவளும் தம்பி விஸ்வலிங்கமும் சேர்ந்து நடத்தியது. பாட்டு அமைப்பது அவன். பதிவு செய்வது, கருவிகளையும் குரலையும் சேர்த்துச் சமன் செய்வது, கடைசியில் கோலாலம்பூர் சி.டி. ஆலைக்குப் போகும் மூலநாடாவை முடிப்பது எல்லாம் அவள். அதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு ஒலிபெருக்கித் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள். கீழே பட்டறையில் எவனாவது வண்டியை முறுக்கினால், பாடிக்கொண்டிருப்பவர்களை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவாள். அவ்வளவு கவனம்.

கணினியில் சி.டி.யை ஏற்றிப் பாட்டின் ஒலி அலையைத் திரையில் பார்த்தபோதுதான் கடையின் மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. அவள் அனுப்பிய நாடாவில் அது மேடும் பள்ளமுமாக, தவில் விழும் இடங்களில் மட்டும் ஊசிபோல் உயர்ந்து நின்றது. சி.டி.யில் இருந்ததோ வேலி ஓரத்துச் செடியைக் கத்தரித்த மாதிரி மேலும் கீழும் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்ட ஒரு பட்டை.

விஸ்வலிங்கம் மாடியேறி வந்தான். அவள் திரையைக் காட்டினாள்.

"விசு, இதைப் பாரு. நம்ம பாட்டா இது?"

அவன் பார்த்தான். ஒரு கணம் அதிகமாகவே பார்த்தான். "கேஎல் ஆலையில ஏதோ மாத்திட்டாங்க போலக்கா. அவங்க மெஷின்ல என்ன பண்றாங்களோ, யாருக்குத் தெரியும் லா."

"லெவலைத் தொட வேணாம்னு தாள்ல எழுதி அனுப்பினேனே. பாட்டு வரிசையும் இடைவெளியும் மட்டும் பாருங்கன்னு."

"போன் பண்ணிக் கேக்கலாம். இப்ப ஏன் டென்ஷன்?" என்று சொல்லிவிட்டு, யாரையோ பார்க்க வேண்டும் என்று இறங்கிப் போனான்.

அவன் போய் அரை மணி நேரத்தில் மீனாட்சி வந்தாள். பாடியவள். பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நிபோங் திபாலிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி வந்திருந்தாள். காலணியைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஏன்கா இப்படிப் பண்ணீங்க? ஸ்டாஃப் ரூம்ல போட்டாங்க. நான் மூச்சு இழுக்குறது கூட எருமை மூச்சு விடுற மாதிரி கேக்குது. எல்லாரும் சிரிச்சாங்க."

"மீனா, உட்காரு."

"மெதுவா பாடு, நான் அதைக் காப்பாத்துறேன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களை நம்பித்தான் அவ்வளவு மெதுவா பாடுனேன். இல்லன்னா எனக்கு அந்தத் தைரியமே வராது."

சி.டி. அட்டையின் பின்புறம், மூலநாடாவை முடித்தவரைக் குறிக்கும் மாஸ்டரிங் என்ற வரியில் கனகேஸ்வரியின் பெயர்தான் அச்சாகியிருந்தது. இது என் வேலை இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அதனால் சொல்லாமல் செய்து காட்டினாள். தன் மூலநாடாவை ஒரு பக்கமும் சி.டி.யை இன்னொரு பக்கமும் இணைத்தாள்.

"முதல்ல இப்படியே கேளு," என்று இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாள்.

மீனாட்சி தயங்கினாள். "சொல்றதுக்கே வெக்கமா இருக்கு. சி.டி.தான் நல்லா இருக்குற மாதிரி தோணுதுக்கா."

"தோணும். சத்தமா இருக்குறது எதுவும் முதல்ல நல்லாத்தான் தோணும். நம்ம காது அப்படித்தான்." கனகேஸ்வரி சி.டி.யின் குமிழை மெல்லக் குறைத்தாள். எட்டு டெசிபெல் குறைந்ததும் நிறுத்தினாள். "இப்ப ரெண்டும் ஒரே அளவு சத்தம். இப்ப கேளு."

நாடாவில் தவில் விழுந்தபோது மீனாட்சி திடுக்கிட்டாள். சி.டி.யில் அதே அடி விழுந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. சின்னதாக, மங்கலாக, தூரத்தில் போனது அது.

"எங்கக்கா போச்சு?"

"சி.டி.க்கு மேல ஒரு கூரை இருக்கு. அதைத் தாண்டி ஒண்ணும் போக முடியாது. பழைய சி.டி.ங்கள்ல தவிலடி மட்டும்தான் கூரைகிட்ட போகும், குரல் அதுக்குக் கீழ இருக்கும். சத்தம் வேணும்னா கேக்குறவங்க குமிழைத் திருப்பிக்குவாங்க. இப்ப லிமிட்டர்னு ஒரு கருவி வந்திருக்கு. உயரமா இருக்குற அடியெல்லாம் தலையில தட்டி அமுக்கிடும். அமுக்கினா மேல இடம் கிடைக்கும் இல்லையா? அந்த இடத்துக்கு முழுப் பாட்டையும் தூக்கி வெச்சிடலாம். கூரை அதே கூரைதான். ஆனா தரை மேல வந்துடுச்சு. உன் மூச்சும் அதோட மேல வந்துடுச்சு."

"அப்ப இசைத்தட்டுல?"

"அதுல சத்தம் கூடினா பள்ளம் அகலமாகும். தட்டுல நேரம் குறையும், ரொம்பப் போனா ஊசி துள்ளும். அந்த பயமே ஒரு அளவுல நிறுத்தி வெச்சிடும். இதுல துள்ள ஊசி இல்ல. அதனால ஒருத்தன் தூக்கினா அடுத்தவன் இன்னும் கொஞ்சம் தூக்குறான்."

மீனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப யாருக்கா இதைச் செய்யச் சொன்னது?"

அதைத்தான் கனகேஸ்வரியும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோலாலம்பூருக்குப் போன் போட்டாள். அங்கே ஆலையில் நாடாவைச் சி.டி.க்கு மாற்றியவள் ரோஹானா என்ற மலாய்ப் பெண். ஓரிரு முறை பேசியிருக்கிறார்கள். நிதானமானவள்.

ரோஹானா கேட்டதுமே ஆச்சரியப்பட்டாள். உங்களுடைய இரண்டாவது கடிதத்தைப் பார்த்துத்தானே செய்தேன் என்றாள். தவில் உடைகிறது, இவ்வளவு தூக்க வேண்டாம் என்று தானே போன் செய்து எச்சரித்ததாகவும், எடுத்தவர் உங்கள் தம்பி என்றும், அக்காவுக்குச் சம்மதம்தான் என்று அவர் உறுதியாகச் சொன்னதாகவும் சொன்னாள். கடிதத்தை ஃபேக்ஸில் அனுப்புகிறேன் என்றாள்.

தாள் மெதுவாகக் கருவியிலிருந்து இறங்கியது. தட்டச்சு செய்த நான்கு வரி. முதல் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம், சந்தையில் இருக்கும் வேறெந்தத் தமிழ் சி.டி.யை விடவும் சத்தமாக இருக்க வேண்டும். கீழே கனகேஸ்வரியின் கையெழுத்து.

அவள் போட்டதல்ல. ஆனால் யார் பார்த்தாலும் அவளுடையதென்றுதான் சொல்வார்கள். அவளே ஒரு நொடி நான்தான் போட்டேனோ என்று யோசித்தாள். பக்கத்து மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவனால்தான் அப்படிப் போட முடியும்.

விஸ்வலிங்கம் திரும்பி வந்தபோது தாள் மேசைமேல் விரித்திருந்தது. மீனாட்சி எழுந்து போகப் பார்த்தாள். "நீ இரு," என்றாள் கனகேஸ்வரி. "உன் குரல்தானே."

அவன் தாளைப் பார்த்தான். மறுக்கவில்லை.

"போன மாசம் மூலநாடாவை ஒரு கேசட்டுல எடுத்துக்கிட்டு பினாங்கு ரோட்டுப் பாட்டுக்கடைக்குப் போனேன்கா. வேற ஒரு பாட்டுக்கு அடுத்து நம்மளதைப் போட்டாங்க. கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? பக்கத்து வீட்டுல பாடுறாங்களா தம்பின்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மூணு வருஷம் போட்ட டியூன்கா அது."

"அதை வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன். இல்லன்னா, ரெண்டு மூணு டெசிபெல் கெடாம தூக்கிக் கொடுத்திருப்பேன். ரெண்டுல எதைச் செஞ்சிருப்பேன்னு உனக்கு இனிமே தெரியாது. நீ கேக்கலையே."

"எல்லாரும் பண்றாங்க. நாம மட்டும் சின்னதா நின்னா யாரு கேப்பா?"

"சத்தத்தை விடு விசு." அவள் குரல் உயரவில்லை. "என் கையெழுத்தையே போட்டு அனுப்பினியே. மீனா இங்க வந்து என் மூஞ்சிக்கு நேரா கேட்டா. அப்பவும் எனக்குத் தெரியல. நீ கேஎல்காரங்க மேல பழியைப் போட்டுட்டு இறங்கிப் போயிட்டே. அதுக்கு எந்த மெஷின்ல போயி சரி பண்றது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மன்னிப்புக் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். "விக்குதுக்கா," என்றான் கடைசியில். "நல்லாவே விக்குது."

அன்று மாலை கனகேஸ்வரி மீனாட்சியைத் தன் காரில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டாள். வழியில் வானொலியில் இருபது வருடத்துக்கு முந்தைய பாட்டு ஒன்று முடிந்து, அடுத்து இவர்களுடைய மழைப்பாட்டு வந்தது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பழையதை விட இது ஓர் இம்மிகூட சத்தமாக இல்லை.

"ஒரே மாதிரி இருக்கே?" என்றாள் மீனாட்சி.

"ஸ்டேஷன்ல அவங்களே ஒரு கருவி வெச்சிருக்காங்க. சத்தமா வர்றதை இறக்கி, மெதுவா வர்றதை ஏத்தி, எல்லாத்தையும் ஒரு அளவாக்கிடும்."

பழைய பாட்டின் மிருதங்கம் தெளிவாகக் கேட்டிருந்தது. இதில் தவிலும் வயலினும் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. மீனாட்சி கையை நீட்டி வானொலியை அணைத்துவிட்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "உங்க நாடாவுல இருக்குறதை எனக்கு ஒரு கேசட்டுல போட்டுக் கொடுங்கக்கா. நான் பாடுனதுதான்னு எனக்காவது தெரியட்டும்," என்றாள்.

மூன்று மாதத்தில் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போனது. என் நாடாவைப் போடு, இல்லை என் பெயரை எடு என்றாள் கனகேஸ்வரி. ஒரு வாரம் அவன் யோசித்தான். அந்த ஒரு வாரமும் அவள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். பெயரை எடுத்துவிட்டான்.

அவள் ஜெலுத்தோங் மாடியின் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் பழைய தொழிற்சாலைக்கே திரும்பினாள். பரிசோதனைப் பிரிவில் இடம் இருந்தது. ஒலிபெருக்கிகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றையும் கேட்டு அனுப்ப வேண்டும்.

அடுத்த தீபாவளிக்கு விஸ்வலிங்கம் பலகாரத்தோடு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். புது ஆல்பம் வெளியாகியிருந்தது. போன மாதமே அவள் அதைக் கேட்டுவிட்டாள். முன்னதை விட இன்னும் சத்தம். ஆனால் இரண்டாவது பாட்டின் மெட்டு உண்மையிலேயே அழகாக இருந்தது. அதுதான் அவளை அதிகமாக வருத்தியது.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன்."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அவனுடைய இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆட்டிறைச்சிக் கறியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடு, ஆறிடும்," என்றாள்.