மூட நேர்ந்தால்

"கண்ணாடிய எடு, நான் படிக்கறேன்," என்றார் ரேயோ.

தண்டர் பே நகரில் அந்தச் சின்ன ஜிம்மை அவரும் மனைவி ஹெல்வியும் இருபத்திரண்டு வருடங்களாக நடத்திவருகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வருடச் சந்தா அறிவிப்பு இணையத்தில் படத்தோடு வெளியாகும். படத்துக்கு அடியில் போடும் குறிப்பை ஹெல்வி எழுதுவாள். ஆனால் எழுதியவர் படிக்கக் கூடாது, மற்றவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் போட வேண்டும். ஒரு வருடம் விற்பனை வரியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். எண்ணி எடுத்து வந்த பணம் போதாமல் ஒரு நர்ஸ் மேசைக்கு முன்னால் முகம் சிவந்து நின்றாள். அன்றிலிருந்து இந்த வழக்கம்.

ரேயோ போனைப் பார்த்துப் படித்தார். செப்டம்பரிலிருந்து உடம்போடு குரலும் மெலிந்துவிட்டது.

"'ஒரு வருடத்துக்கு 480 டாலர். வரியோடு 542 டாலர் 40 சென்ட். மாதத் தவணை என்றால் 44, வரி தனி. எடைப் பயிற்சி, ஓட்டப் பொறிகள், காலை வகுப்புகள், சௌனா வெப்ப அறை எல்லாம் இதில் அடக்கம். தனிப் பயிற்சியாளரும் துண்டும் அடக்கமில்லை.' துண்ட எழுதிட்டே, நல்லது. போன வருஷம் அதுக்குத்தானே சண்டை."

"மேல படி."

"'ஒப்பந்த நகல் கைக்கு வந்த பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், முழுப் பணமும் திரும்ப வரும். அதன் பிறகு முப்பது நாள் முன்னதாக எழுதித் தந்தால் மீதி மாதங்களின் பணம் வரும். மருத்துவர் கடிதம் இருந்தால் அந்த முப்பது நாளும் தேவையில்லை. வருடம் முடிந்ததும் நாங்களாகப் புதுப்பிக்க மாட்டோம். ஜிம் மூட நேர்ந்தால்...'"

நிறுத்திவிட்டார். ஹெல்வி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப வந்துது?"

"நேத்து. சாப்பிட்டுட்டு நீ தூங்கினப்போ."

"'மூட நேர்ந்தால், மீதி மாதங்களின் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். அது தனிக் கணக்கில் இருக்கும்.'" படித்து முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். "எனக்கப்புறம் நீ நடத்துவேன்னு நெனச்சேன்."

"நெனச்சே. கேக்கல."

"இப்ப கேக்கறேன்."

"ரேயோ, காலையில நான் கதவத் திறந்தா நீ அங்க நின்னு யாரையாவது திட்டிக்கிட்டு இருக்கணும். நீ இல்லைன்னா இது வெறும் இரும்பு. யாராவது வந்து வாங்கினா நடக்கட்டும். என்னால முடியாது."

"வீட்டுல சொல்லியிருக்கலாம்."

"எத்தனையோ தடவ வாயத் திறந்தேன். நீ உடனே புது ஓட்டப் பொறி வாங்கற பேச்ச எடுப்பே."

வசந்தம் வரைதான் ரேயோ இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

"இந்த வரிய எடுத்துட்டா?" என்றார்.

"எடுக்கலாம். முழு வருஷத்துக்கும் பணத்த வாங்கிட்டு ஏப்ரல்ல பூட்டிக்கலாம். சொல்லு, எடுத்துடறேன்."

ரேயோ போனை மேசைமேல் வைத்தார். "அடியில வைக்காதே," என்றார். "மூணு வரிக்குமேல யாரும் விரிச்சுப் படிக்கறதில்ல. விலைக்குக் கீழேயே வை."

"அங்க வெச்சா ஊர் பூரா..."

"தெரியட்டும்."

அவள் அந்த வரியை மேலே ஏற்றினாள். இரண்டு முறை தவறாகப் போயிற்று.

பத்து மணிக்கு ட்ரூடி வந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு வருடமும் முதல் சந்தா அவளுடையதுதான். காசோலையை வீட்டிலேயே எழுதி வந்திருந்தாள்.

"என்னய்யா இது, மூட நேர்ந்தால்னு புதுசா ஒரு வரி?"

"உடம்பு சரியில்ல, கிழவி."

"அது தெரியுது. சட்டை கொடியில தொங்கற மாதிரி தொங்குது. ஹெல்விதான் இருக்காளே."

ரேயோ ஹெல்வி பக்கம் திரும்பினார். ஹெல்விதான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் நடத்தல, ட்ரூடி."

ட்ரூடி காசோலையை நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். "அப்போ இந்தத் தடவ மாசா மாசம் கட்டிடறேன். கோச்சுக்காதே."

"கோவம் எதுக்கு? ஒன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செய்வேன்."

அவரே படிவத்தை நிரப்பினார். தொகையையும் தவணைத் தேதியையும் சொல்லிச் சொல்லி எழுதினார். நகலைக் கிழித்து அவளிடம் நீட்டினார்.

"பத்து நாள் டைம் இருக்கு. மனசு மாறினா வந்து சொல்லு."

"எனக்கு எங்க மாறப்போகுது." ட்ரூடி குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு மாறாதா? நீ ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

மடித்து வைத்த துண்டுகளையே ஹெல்வி மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளக் கேக்காதே," என்றார் ரேயோ. "அவ எழுதிட்டா."