மூணு ரிங்

அந்த கோல்கீப்பரை அணியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பூட்டு’ என்பார்கள். நல்ல நாளில் அது பாராட்டு. கோல் விட்ட நாளில் அதே பேர் கிண்டலாகிவிடும். “நம்மகிட்ட பூட்டு இருக்கு, சாவியத்தான் எதிர் டீம்கிட்ட குடுத்து வச்சிருக்கோம்” என்பான் கொக்கு. கால் நீளமான முன்கள ஆட்டக்காரன், வாயும் அதே அளவு நீளம்.

உடைமாற்றும் அறையில் மேட்சுக்கு முன்னால் நடக்கிற கூத்தைப் பார்த்தால் விளையாட வந்தார்களா, வேண்டுதலை நிறைவேற்ற வந்தார்களா என்று சந்தேகம் வரும். கொக்கு இடது பூட்ஸைத்தான் முதலில் மாட்டுவான். தவறி வலதை மாட்டினால் இரண்டையும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. நடுக்களத்துக்காரன் ஒருவன் போன சீசனில் ஜெயித்த அன்றைக்குப் போட்ட பனியனை இன்னும் துவைக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வாயால் மூச்சுவிடப் பழகிவிட்டார்கள். கோச் இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அவர் முகம் போகிற போக்கே சரியாக இருக்காது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. பயிற்சி நாளில் இவர்கள் யாருமே எதையும் செய்வதில்லை. கொக்கு எந்தக் காலில் எதை மாட்டுகிறான் என்று அவனுக்கே தெரியாது. தோற்றால் ஒன்றும் போகாத இடத்தில் சகுனத்துக்கு வேலையில்லை. விஷயம் பெரிதாகி, அது தன் கையில் முழுசாக இல்லாமலும் போகும்போதுதான் மனசு பிடித்துக்கொள்ள ஏதாவது தேடும். அதனால்தானோ என்னவோ, எல்லோரையும்விடப் பூட்டுக்குத்தான் அந்த நோய் முற்றியிருந்தது. முன்கள ஆள் பத்து வாய்ப்பைக் கோட்டை விட்டுவிட்டுப் பதினொன்றில் கோல் போட்டால் தோளில் தூக்குவார்கள். கோல்கீப்பர் பத்தைப் பிடித்துவிட்டு ஒன்றை விட்டால் அந்த ஒன்றைத்தான் ஊர் பேசும்.

பூட்டின் சடங்கு ஒரு மிஸ்டு கால். கிளவுஸ் மாட்டுவதற்கு முன், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அக்காவின் நம்பருக்குப் போன் போடுவான். மூணு ரிங் அடிக்க வேண்டும். மூன்றாவது முடிந்ததும் வைத்துவிட வேண்டும். அக்கா எடுக்கக் கூடாது.

அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். அவன் குணம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூடத்தில் ஒரு நீலச் சட்டை போட்டுக்கொண்டு போன அன்று கணக்கில் பாஸாகிவிட்டான். அதிலிருந்து எந்தப் பரீட்சைக்கும் அந்தச் சட்டைதான். கை முழங்கைக்கு ஏறி, பொத்தான் வயிற்றில் திணறியபோதும் விடவில்லை. “சட்டையாடா எழுதுச்சு? நீதானடா எழுதுன!” என்று அக்கா சிரிப்பாள். ஆனாலும் பரீட்சைக்கு முந்தின நாள் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அவன் கண்ணில் படுகிற மாதிரி கதவில் மாட்டிவைப்பாள். சட்டை அங்கே தொங்கினால் பையன் நிம்மதியாகத் தூங்குகிறான். தூங்கி எழுந்தால் படித்தது ஞாபகம் வருகிறது. சட்டையால் ஆனது அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். அது சின்ன விஷயமில்லை என்றும் தெரியும்.

அப்படிப்பட்ட அக்காவோடு பேச்சு முறிந்தது அவள் கணவர், மாமா, இறந்தபோது. அன்றைக்கு இவனுக்கு வெளியூரில் மேட்ச். ஆடி முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தான். வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அக்கா திட்டவில்லை. “உனக்கு மேட்ச் இருக்கும், கெளம்பு” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சில மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று உடைமாற்றும் அறையிலிருந்து போன் போட்டான். ஒரு ரிங், இரண்டு, மூன்று. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. வைத்துவிட்டான். அன்று கடைசி நிமிடத்தில் பெனால்டியைப் பிடித்தான், அணி ஜெயித்தது. இரவு அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன புதுசாகச் செய்தோம் என்று யோசித்தான். ஒரு வாரமாகப் பெனால்டிப் பயிற்சி எடுத்தது நினைவுக்கு வரவில்லை. போன்தான் வந்தது.

அடுத்த மேட்சுக்கும் மூணு ரிங். ஜெயித்தார்கள். அதற்கடுத்ததில் தோற்றார்கள், ஆனால் அன்று அவசரத்தில் மூன்றாவது ரிங் முழுசாக அடிக்கவில்லையே, அதனால்தான் என்று சமாதானம் கிடைத்தது. இதுதான் இந்தச் சங்கதியின் சாமர்த்தியம். ஜெயித்தால் பேர் சடங்குக்கு. தோற்றால் பழி, சடங்கைச் சரியாகச் செய்யாதவனுக்கு. எந்தப் பக்கம் புரட்டினாலும் அது தோற்காது.

ஒரு தடவை மட்டும் அக்கா எடுத்துவிட்டாள். “ஹலோ?” என்றாள். பதறிப்போய் வைத்துவிட்டான். அன்று மூன்று கோல் விட்டான். பந்து வரும்போதெல்லாம் அந்த ‘ஹலோ’தான் காதில் கேட்டது, கண் பந்தில் இல்லை. ஆனால் அவன் கணக்கு வேறு மாதிரி போட்டான்: அக்கா எடுத்தாள், அதனால் தோற்றோம். அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. தன்னை மன்னிக்கவில்லை என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

மேட்ச் இல்லாத நாளில் கூப்பிடலாமே என்று யாராவது கேட்கலாம். கூப்பிட்டால் ராசி கெட்டுவிடும் என்பான். உண்மையில் பயம். பேசத் தைரியம் இல்லாதவனுக்குப் பேசாமல் இருப்பதே சடங்காக அமைந்துவிட்டது. இப்படியே வருஷங்கள் ஓடின. அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவதற்கு ஆளில்லாமல் தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டுவான். இந்த உலகத்தில் தனக்கென்று ஒரு ஆள் இருக்கிறாள் என்பதற்கு அந்த மூணு ரிங்தான் சாட்சி.

அன்றைக்கு சீசனின் கடைசி மேட்ச். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். இறங்கினால் வயசானவர்களை அனுப்பிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அணியிலேயே வயசானவன் பூட்டுதான். வேலை போவதைவிட வேறொன்று அவனை அரித்தது. மேட்ச் இல்லாமல் போனால், எந்தச் சாக்கில் அக்காவுக்குப் போன் போடுவது?

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். நம்பரை அழுத்தினான். ரிங்கே போகவில்லை. “நீங்கள் அழைத்த எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது” என்றது ஒரு பெண் குரல்.

மறுபடி போட்டான். அதே குரல்.

“என்ன பூட்டு, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?” என்றான் கொக்கு.

“போன் போகல.”

“அடப் பாவி! இன்னைக்குப் பாத்தா?” கொக்கு ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இந்த விஷயத்தில் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. “என் போன்லேருந்து போட்டுப் பாரேன்.”

“ராசி போன்ல இல்லடா. அவ பக்கம் மணி அடிக்கணும்.”

சொல்லும்போதே அவனுக்குக் கேட்டது, தன் வாயிலிருந்து வந்தது. அவள் பக்கம் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது, இத்தனை வருஷமும்.

களத்துக்குப் போகும்போது கால் தரையில் பாவவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல், பயிற்சியில் செய்வதைச் செய்தான். கம்பத்தை இந்தப் பக்கம் தொட்டு, அந்தப் பக்கம் தொட்டு, கோலின் அகலத்தைக் கண்ணில் வாங்கினான். கிளவுஸ் பட்டையை இறுக்கினான். மூச்சை மெதுவாக விட்டான். இதற்கு யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. முதல் பந்து வந்தது; பிடித்தான். இரண்டாவது வந்தது; பாய்ந்து தட்டினான். அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை அவன் வாழ்நாளில் ஆடியதில்லை. அதையும் மீறி, முடியப்போகிற நேரத்தில் எதிராளி அடித்த பந்து சொந்த அணிக்காரன் குதிகாலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

தோற்றார்கள். கோச் அவன் தோளைத் தட்டினார். பிரிவு உபசாரம் அதோடு முடிந்தது.

குளித்துவிட்டு, எல்லோரும் போன பிறகு, பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க கேட்டுக்கு வந்தான். கேட்டருகே தலை நரைத்த ஒரு பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இவனைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“போன் தண்ணி வாளியில விழுந்துடுச்சுடா. கடைக்காரன் நாளைக்குத்தான் தருவேன்னுட்டான். நீ கால் பண்ணுவியே, போகலன்னா பயந்துடுவியேன்னு பஸ்ஸப் பிடிச்சு வந்தேன். என்னாலதான்டா தோத்துட்ட.”

“எப்ப வந்த?”

“ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்.”

“வந்து கூப்பிட்டிருக்கலாம்லக்கா?”

“நல்லா இருக்கே! மேட்சுக்கு முன்னாடி நான் பேசுனா ஆகாதே உனக்கு. அன்னைக்கு ஒருநாள் தெரியாம எடுத்து, மூணு கோல் விட்டியே. ரேடியோவுல கேட்டுட்டு நான் சோறே திங்கல. அதுலேருந்து மணி அடிச்சா கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பேன்.”

அவன் பையைக் கீழே வைத்தான். “கோபத்துல எடுக்கலன்னு நெனச்சேன்.”

“கோபம் எப்பவோ போச்சு. நீ ஜெயிக்கணுமேன்னுதான் எடுக்கல.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற வருஷங்களையும், தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்த வருஷங்களையும் நினைத்தபோது அவனுக்கு நெஞ்சு வலித்தது. இத்தனைக்கும் பந்துக்கு இந்த இரண்டில் எதுவுமே தெரியாது.

“உன்னால தோக்கலக்கா. குதிகால்ல பட்டுப் போச்சு. நீ பாத்த இல்ல?”

“பாத்தேன். நல்லா ஆடுன.” மூக்கைச் சிந்தினாள். “சட்டையாடா ஆடுச்சு?”

அவன் சிரிக்கப் பார்த்தான், அழுகைதான் வந்தது. “இனிமே எனக்கு மேட்ச் கெடையாதுக்கா. எதச் சொல்லி உனக்குப் போன் பண்ணுவேன்?”

பஸ் வந்து நின்றது. அவள் படியில் ஏறிக்கொண்டே திரும்பினாள். “நாளைக்குச் சாயந்திரம் பண்ணு. போன் வந்துடும்.”

“நாளைக்கு என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அதான் பண்ணச் சொல்றேன்.”

மறுநாள் சாயந்திரம் கட்டிலில் உட்கார்ந்து நம்பரை அழுத்தினான். பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தான். எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். ஒரு ரிங். இரண்டு. மூன்று. கட்டைவிரல் தானாகவே சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அந்தப் பக்கமும் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும். விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான்.

நாலாவது ரிங் அடித்தது.