பிள்ளையை விட்டுப் போவீர்களா?

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் வக்கீலம்மா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"புள்ளையப் பாக்க வர்றவரை ஒரு சனிக்கிழமைகூட நீங்க தடுக்கல. புள்ளைக்கு அப்பாமேல அவ்வளவு ஒட்டுதல். அதை வெச்சுத்தான் இப்ப அவங்க வாதாடறாங்க."

"நல்லது பண்ணினதுக்கு இது தண்டனையா?"

"தண்டனை இல்லம்மா. ஊர் மாறினா புள்ள எதை இழக்கும்னுதான் கோர்ட் பாக்கும்."

வழக்குப் போட்டிருந்த அவள் எக்ஸ்ரே டெக்னீஷியன். வேலை பார்த்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். இந்த ஊரில் அவள் ஏறி இறங்காத படியில்லை. தூரத்து நகரத்தில்தான் வேலை கிடைத்தது, தங்க வீடும் தருகிறார்கள். விவாகரத்துக்குப் பிறகு மகள் அவள் பொறுப்பில்தான் இருந்தாள். ஆனாலும் மகளோடு ஊர் மாற நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

"அனுமதி கிடைக்காட்டி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாலும் கேப்பாங்க" என்றாள் வக்கீலம்மா. "போவேன்னா, புள்ளையைவிட வேலை பெருசுன்னு ஆகும். போகமாட்டேன்னா, அப்ப இங்கேயே இருங்கன்னு முடிச்சுடுவாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. சுத்தி வளைச்சுச் சொல்லுங்க."

சுற்றி வளைக்கத் தெரிந்தவளாக இருந்தால் அவள் பிழைப்பு எப்போதோ தேறியிருக்கும்.

கூண்டில் நின்று எல்லாம் சொன்னாள். விடுமுறையில் பாதி அப்பாவிடம், மாதம் இருமுறை தானே கூட்டி வருவேன், தினமும் வீடியோ காலில் பேச வைப்பேன். எதிரே கணவன், முன்னாள் கணவன், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அனுமதி தரலைன்னா, குழந்தையை அப்பாகிட்ட விட்டுட்டுப் போவீங்களாம்மா?"

வக்கீலம்மா எழுந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் இவள் வாய் முந்திக்கொண்டது.

"அவளை விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேங்கய்யா."

மதியம் உத்தரவு வந்தது. தாயின் நோக்கத்தில் குறையில்லை. தாய், தகப்பன் இருவரும் வேண்டும் என்றே குழந்தை நீதிமன்ற ஆலோசகரிடம் சொல்லியிருக்கிறாள். பள்ளி, தோழிகள், தகப்பனோடு வாராவாரம் கழிக்கும் நாள், இவற்றுக்கெல்லாம் வீடியோ கால் ஈடாகாது. தாயும் குழந்தையைப் பிரிந்து போகப்போவதில்லை. ஆகவே பொறுப்பு தாயிடமே தொடரும், ஊர் மாற அனுமதி இல்லை.

அந்த வேலை போயிற்று. இனி எங்கே போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆலோசகர் அறையிலிருந்து மகள் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நாம போகலயாம்மா? அப்ப சனிக்கிழமை அப்பாகூட நீச்சல் உண்டுல்ல?"

"உண்டு."

மகள் கையை நீட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கையைப் பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தை நினைத்துப் பதறிப்போய், எட்டி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதும்மா" என்றாள் மகள்.