இருபத்துநாலு எப்படி வந்தது?

"எல்லாருக்கும் பன்னிரண்டு வருது, உங்க பொண்ணுக்கு மட்டும் எப்படிம்மா இருபத்துநாலு வரும்?"

"அதைத்தான் மிஸ் நானும் கேக்குறேன். அவ வழிமுறை எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கா?"

ஆசிரியர்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே கணக்கு மிஸ்ஸும் என் மனைவியும். பக்கத்தில் மகள், எட்டாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே பார்வை குறைவு. இரண்டு வருடமாக ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கி, முதல் வரிசையில் கரும்பலகைக்கு நேராக ஓர் இடமும், சாய்வு மேசையும், பெரிய எழுத்து வினாத்தாளும் வாங்கியிருந்தோம். இந்தக் கணக்குப் பரீட்சையில் முப்பத்தொரு மார்க். முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்களைத் திங்கட்கிழமை வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்கள். அங்கே போனால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். எனக்கு நினைக்கவே அலுப்பாக இருந்தது.

ஐந்து மார்க் போனது ஒரே கேள்வியில். முக்கோணத்தின் அடிப்பக்கத்தையும் உயரத்தையும் அளந்து பரப்பளவு கண்டுபிடிக்க வேண்டும். அவளுடைய கறுப்புக் கோடு போட்ட பெரிய ஸ்கேலில்தான் கோளாறு என்றார் மிஸ். நான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மிஸ் மேசையிலிருந்த சாதாரண ஸ்கேலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. மற்ற பிள்ளைகளின் வினாத்தாளைக் கேட்டு வாங்கினேன். அதில் அடிப்பக்கம் ஆறு சென்டிமீட்டர். மகளுடைய தாளில் எட்டரை.

மிஸ் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். வினாத்தாளைப் பெரிய தாளில் ஜெராக்ஸ் எடுத்ததே அவர்தான். ஒவ்வொரு பரீட்சைக்கும் மெஷின் முன்னால் நின்று தானே எடுப்பாராம். எழுத்து பெரிதானபோது முக்கோணமும் பெரிதாகிவிட்டது. அடிப்பக்கம், உயரம் இரண்டும் கூடியதால் பரப்பளவு சரியாக இரண்டு மடங்கு.

"அவ சரியாத்தான் அளந்திருக்கா. நான்தான் யோசிக்கல. மன்னிச்சுக்கோங்க."

என் மனைவிக்கும் அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை. "நீங்களாவது நின்னு எடுத்தீங்களே மிஸ்" என்றாள். மார்க் முப்பத்தாறு ஆனது. பிரிவு மாற்றம் இல்லை.

வெளியே வந்ததும் சொன்னேன். மகள் சந்தோஷப்படவில்லை.

"அடுத்த தடவை எனக்கும் சின்னத் தாளே குடுக்கச் சொல்லுங்கப்பா. லென்ஸ் வச்சு எப்படியாவது படிச்சுக்குறேன். ஒவ்வொரு தடவையும் நீங்க ரெண்டு பேரும் வந்து நிக்கிறது எனக்குப் பிடிக்கல."

லென்ஸ் வைத்து ஒரு பக்கம் படிப்பதற்குள் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். எங்களுக்காகத்தான் சொல்கிறாள்.

ஆண்டுப் பரீட்சைக்கு நாலு வாரம் இருக்கிறது. கேள்வியைப் பெரிய எழுத்தில் டைப் செய்து, படத்தை மட்டும் அதே அளவில் தடித்த கோட்டில் வரைந்து தர மிஸ் தயார்தான். வரைபடம், கட்டத்தாள் எல்லாம் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் இப்படிப் படிக்கிற பிள்ளை இருந்தால், உங்கள் பள்ளியில் எப்படிச் செய்து தருகிறார்கள்? பிள்ளை வேண்டாம் என்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? தயவுசெய்து கீழே எழுதுங்கள்.